சிலிண்டரில் எத்தனை நாள் கேஸ் மிச்சம்? லோட் செல் மேடை கட்டப்போகிறவர்களுக்கு

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆந்திரா என்று பெயர், வீட்டில் பேச்சு தமிழ். திருத்தணிக்கு ரயில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. எங்கள் வீட்டில் ஒற்றை சிலிண்டர் இணைப்புதான். போன ஆடியில் சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருந்தபோது கேஸ் தீர்ந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, வெளியே போய் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். அதற்கு மறுநாள் ஆரம்பித்ததுதான் இந்த எடைமேடை. சரியாக வேலை செய்ய நாலு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும், அதற்குப் பிறகு ஒரு சிலிண்டர் காலமும் போதும்.

முதலிலேயே ஒன்று. பிரஷர் மீட்டர் மாட்டி மிச்சத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் காசைச் செலவழிக்காதீர்கள். சிலிண்டருக்குள் எரிவாயு திரவமாக இருக்கிறது. ஒரு கிலோ திரவம் மிச்சமிருந்தாலும் பத்து கிலோ இருந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அது வெயிலுக்கும் குளிருக்கும் மாறும், அளவுக்கு மாறாது. முள் இறங்க ஆரம்பிக்கும்போது திரவம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்துணி சுற்றிப் பார்க்கும் பாட்டி வைத்தியம் அதைவிட மேல், ஆனால் அதில் நாள் கணக்குப் போட முடியாது. எடை ஒன்றுதான் வழி.

## 1. சிலிண்டரின் மேல் வளையத்தைப் படியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் சமையலறைக்குப் போய் சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளைப் பாருங்கள். அதில் காலி எடை எழுதியிருக்கும். 15.3, 16.1, 16.4 என்று ஏதாவது ஒன்று. வீட்டு சிலிண்டரில் நிரப்புவது 14.2 கிலோ. ஆக முழு சிலிண்டர் முப்பது கிலோவை ஒட்டி வரும்.

இன்னொரு பட்டையில் A, B, C, D எழுத்தில் ஒன்றும் ஒரு வருடமும் இருக்கும். அது அடுத்த சோதனைக்குக் கெடு. `B-27` என்றால் 2027-இன் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டு. அதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. நான் முதல் தடவை பெயிண்ட் உரிந்த பட்டையில் அந்த வருடத்தையே காலி எடை என்று படித்துக் குழம்பினேன்.

காலி எடை சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வேறுபடும். ஏஜென்சிக்காரர் அடுத்த தடவை கொண்டுவருவது இதே உருளையாக இருக்காது. ஆகவே ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணை போனில் படம் எடுத்து, டெலிவரி பில்லையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வேண்டிய ஆவணம் அவ்வளவுதான்.

## 2. வாங்க வேண்டியவை, ஆன செலவு

நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கினேன். ஆன்லைனில் வாங்கினாலும் ஏறக்குறைய இதே விலைதான், ஊருக்கு வர நாலைந்து நாள் ஆகும்.

50 கிலோ லோட் செல் நான்கு, அவற்றின் சிக்னலைப் பெருக்கி எண்ணாக மாற்றும் எச்எக்ஸ் 711 போர்டு ஒன்று, இரண்டும் சேர்ந்த செட் எனக்கு 340 ரூபாய். குளியலறை எடைமெஷினுக்குள் இருக்குமே, மூன்று ஒயர் வரும் சதுரத் தகடு, அதுதான் இந்த லோட் செல். அதை உட்கார வைக்கும் பிளாஸ்டிக் பிடிகள் நான்கு 100 ரூபாய். அர்டுயினோ நானோ 290. இரண்டு வரி எல்சிடி, பின்னால் ஐ2சி போர்டு ஒட்டியது, 220. ஷீல்டு போட்ட நான்கு கோர் ஒயர் இரண்டு மீட்டர் 80. பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு தச்சரிடம் 150. கடப்பைக் கல் துண்டு ஒன்று, அது எங்கள் பக்கம் வீடு கட்டும் இடத்தில் கேட்டாலே கிடைக்கும். எல்லாம் சேர்ந்து 1,200 ரூபாய்க்குள்.

ஒற்றை நீளக் கட்டையாக வரும் 20 கிலோ லோட் செல்லை வாங்கிவிடாதீர்கள், முழு சிலிண்டர் அதன் வரம்பைத் தாண்டும்.

போன் சார்ஜர் வீட்டில் இருப்பதே போதும், ஆனால் ஓரளவு நல்ல கம்பெனி சார்ஜராக இருக்கட்டும். அறுபது ரூபாய் சார்ஜரில் எனக்கு எடை இரண்டு பக்கமும் கால் கிலோ குதித்தது, மாற்றியதும் அடங்கிவிட்டது.

## 3. மேடை

பிளைவுட்டை 36 சென்டிமீட்டர் சதுரமாக அறுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் அடி வளையம் அதற்குள் தாராளமாக அடங்கும். நான்கு மூலைகளிலும் அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் பிடியைத் திருகி, அதில் லோட் செல்லைப் பொருத்துங்கள்.

இங்கேதான் முதல் பொறி. லோட் செல்லை உற்றுப் பாருங்கள்: வெளியே ஒரு சட்டம், நடுவே நாக்கு மாதிரி ஒரு பகுதி. நாக்கு வளைவதைத்தான் அது அளக்கிறது. வெளிச்சட்டம் மட்டும் பிடியில் உட்கார வேண்டும். நாக்கின் குமிழ் தரையைப் பார்த்திருக்க வேண்டும். நாக்குக்குப் பின்னால் காலி இடம் இருக்க வேண்டும். தகட்டை அப்படியே பிளைவுட்டில் பசை போட்டு ஒட்டினால் நாக்கு வளையாது. முப்பது கிலோ வைத்தாலும் எண் அசையாது, நீங்கள் போர்டு கெட்டுப்போனது என்று நினைத்து இன்னொன்று வாங்குவீர்கள். நான் வாங்கினேன்.

அடியில் கடப்பைக் கல்லைப் போடச் சொல்வதற்குக் காரணம் இரண்டு. சமையலறைத் தரை சமமாக இருக்காது. நான்கு காலில் ஒன்று தொங்கினால் மேடை ஆடும், ஆடும்போது எடையும் ஆடும். அடுத்தது, தரை கழுவும் தண்ணீர். ஈரம் ஏறிய லோட் செல் மெல்ல மெல்ல எண்ணை நகர்த்திக்கொண்டே போகும். கல் தரையிலிருந்து இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தூக்கிக் கொடுக்கிறது. பிளைவுட்டுக்கு வார்னிஷ் அடித்து, மேலே அடி வளையத்தைச் சுற்றி நான்கு சின்னக் கட்டைகள் ஆணி அடித்துவிட்டால் சிலிண்டர் நழுவாது. டெலிவரி தம்பி சிலிண்டரைத் தொப்பென்று வைப்பவர் என்றால் நீங்களே தரையில் வாங்கி, மெதுவாக மேடையில் ஏற்றுங்கள்.

கல்லும் மேடையும் சேர்ந்து ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயரும். ரெகுலேட்டர் மாட்டிய பிறகு மேலே சமையல் மேடைக் கல்லில் இடிக்காமல், கை விட்டுத் திருப்ப இடம் இருக்கிறதா என்று அறுப்பதற்கு முன்பே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

## 4. ஒயர் இணைப்பு

ஒவ்வொரு செல்லிலிருந்தும் மூன்று ஒயர். பெரும்பாலும் சிவப்பு, வெள்ளை, கறுப்பு. ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டிரண்டாக அளங்கள். எந்த இரண்டு ஒயருக்கு நடுவே அதிக ஓம் வருகிறதோ (என்னுடையதில் 2,000 சொச்சம்) அவை இரண்டும் முனைகள். மிச்சமுள்ளது நடு ஒயர். அதிலிருந்து எந்த முனைக்கு அளந்தாலும் பாதி, அதாவது 1,000 வரும். கீழே நடு ஒயரைச் சிவப்பு என்றே சொல்கிறேன்.

மேடையைத் தலைகீழாகப் போட்டு, செல்களை வட்டமாக 1, 2, 3, 4 என்று எண்ணுங்கள். 1-இன் வெள்ளையும் 2-இன் வெள்ளையும் சேரும். 2-இன் கறுப்பும் 3-இன் கறுப்பும் சேரும். 3-இன் வெள்ளை 4-இன் வெள்ளையோடு. 4-இன் கறுப்பு 1-இன் கறுப்போடு. இப்போது வட்டம் மூடிவிட்டது, நான்கு சிவப்பு மட்டும் தனியே நிற்கும். எதிரெதிர் மூலையில் உள்ள 1-உம் 3-உம் போர்டின் `E-`, `E+` முனைகளுக்கு. 2-உம் 4-உம் `A-`, `A+` முனைகளுக்கு. `B` முனைகளைத் தொடவேண்டாம்.

சால்டர் செய்து முடித்ததும், கரண்ட் கொடுப்பதற்கு முன், `E+` `E-` நடுவே ஒரு தடவை அளங்கள். பிறகு `A+` `A-` நடுவே. இரண்டிலும் ஒரு செல்லின் முனைக்கு முனை வந்த அதே 2,000 ஓம் வர வேண்டும். வராவிட்டால் வட்டத்தில் எங்கோ நடு ஒயரும் முனை ஒயரும் மாறியிருக்கிறது அல்லது ஒரு சால்டர் விட்டிருக்கிறது.

செல்கள் தரும் மின்னழுத்தம் மில்லிவோல்ட்டில்தான் இருக்கும். எச்எக்ஸ் 711 அதை 128 மடங்கு பெருக்கி எண்ணாக மாற்றுகிறது. அதனால் மேடைக்கும் போர்டுக்கும் நடுவே ஷீல்டு ஒயர், அதுவும் ஒன்றரை மீட்டருக்குள். போர்டின் மறுபக்கம் `VCC` நானோவின் `5V`-க்கு, `GND` `GND`-க்கு, `DT` `D3`-க்கு, `SCK` `D2`-க்கு. எல்சிடியின் `SDA` `A4`-க்கு, `SCL` `A5`-க்கு.

போர்டு, நானோ, எல்சிடி, சார்ஜர் எல்லாம் சுவரில் இடுப்புக்கு மேலே ஒரே பெட்டியில் இருக்கட்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். தரை மட்டத்தில் சுவிட்ச், ரிலே, பேட்டரி, சார்ஜர் எதுவும் வேண்டாம். சிலிண்டருக்குப் பக்கத்தில் வருவது மேடையும் அந்த ஒரு ஒயரும் மட்டும்தான். ரெகுலேட்டரிலோ டியூபிலோ எதையும் கட்டாதீர்கள். இது வீட்டில் கட்டிய சாமான், எந்தப் பாதுகாப்புச் சான்றும் இல்லாதது. கேஸ் வாடை வந்தால் இதன் பிளக்கைப் பிடுங்கவும் போகாதீர்கள், வேறு எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, வெளியே போய் 1906-க்கு போன் செய்யுங்கள்.

## 5. தெரிந்த எடை வைத்து அளவு கட்டுதல்

முதலில் இந்தச் சின்ன நிரலை ஏற்றுங்கள். இதற்கான நூலகம் அர்டுயினோ மென்பொருளில் `HX711` என்று தேடினால் வரும், `bogde` எழுதியது.

```cpp
#include "HX711.h"
HX711 s;

void setup() {
  Serial.begin(9600);
  s.begin(3, 2);
}

void loop() {
  Serial.println(s.read_average(50));
}
```

போர்டு விநாடிக்குப் பத்து தடவை அளக்கும், ஆகவே ஐந்து விநாடிக்கு ஒரு எண் வரும். மேடை காலியாக இருக்கும்போது வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது -38400. நெகட்டிவ்வாக இருந்தால் பரவாயில்லை.

அடுத்து 25 கிலோ எடை வேண்டும். நான் மளிகைக் கடையில் அரிசி மூட்டையை அவர்கள் தராசில் நிறுத்தி, சாக்கோடு சேர்த்துச் சரியாக 25.00 வரும்படி அரிசியை எடுத்துப் போட்டு வாங்கினேன். பையில் அச்சிட்டிருக்கும் எடையை நம்பினால் சாக்கு எடை உள்ளே சேருமா சேராதா என்ற சந்தேகம் வரும். ஜிம்மில் தூக்கும் தட்டு வேண்டாம். நான் பார்த்த ஒன்றில் 10 கிலோ என்று போட்டிருந்தது 9.6 இருந்தது. ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்து அளவு கட்டுவதும் தவறு. ஒரு கிலோவில் வரும் சின்னப் பிழை முப்பது கிலோவில் முப்பது மடங்காகும்.

மூட்டையை நடுவில் வைத்ததும் எண் 227600 ஆனது. கணக்கு இவ்வளவுதான்:

```
227600 - (-38400) = 266000
266000 / 25 = 10640
```

கிலோவுக்கு 10,640 எண்ணிக்கை. இந்த வகைச் செல்களில் பத்தாயிரத்தை ஒட்டியே வரும். எடை வைத்ததும் எண் குறைந்தால் `A+` `A-` இரண்டையும் மாற்றிப் போடுங்கள். எதை வைத்தாலும் 8388607 என்றே நின்றால் சிக்னல் ஒயர் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மூட்டையை ஒவ்வொரு மூலைப் பக்கமாக நகர்த்திப் பாருங்கள். நூறு கிராமுக்கு மேல் வேறுபட்டால் அந்த மூலையின் செல் பிடியில் சரியாக உட்காரவில்லை.

## 6. நிரல், அதில் நான் விழுந்த குழி

இதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணமே. கிடைக்கும் மாதிரி நிரல்கள் பெரும்பாலானவற்றில் ஆரம்பத்தில் `tare()` என்று ஒரு வரி இருக்கும். இயந்திரம் உயிர் பெறும்போது மேடையில் என்ன இருக்கிறதோ அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும் கட்டளை. மளிகைத் தராசுக்கு அது சரி, காலையில் கடை திறக்கும்போது தட்டு காலியாக இருக்கும். நம் மேடை ஒரு நாளும் காலியாக இருப்பதில்லை. கரண்ட் போய் வந்தால், மேலே நிற்கும் 24 கிலோவையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்.

எங்கள் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதம் முழுக்க நான் ஒயரைச் சந்தேகப்பட்டேன், போர்டைச் சந்தேகப்பட்டேன், எலியைக்கூடச் சந்தேகப்பட்டேன். காலையில் 22 காட்டும், மாலையில் 0.1 காட்டும், மறுநாள் -0.3 காட்டும். அத்தைதான் கடைசியில், "கரண்ட் வந்தப்புறம்தான்டா இது பைத்தியம் பிடிச்ச மாதிரி காட்டுது" என்றார்.

ஆகவே `tare()` வேண்டாம். காலி மேடையின் எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்:

```cpp
#include "HX711.h"
#include <LiquidCrystal_I2C.h>

const long  ZERO   = -38400;
const float PER_KG = 10640.0;

HX711 s;
LiquidCrystal_I2C lcd(0x27, 16, 2);

void setup() {
  lcd.init();
  lcd.backlight();
  s.begin(3, 2);
  s.set_offset(ZERO);
  s.set_scale(PER_KG);
}

void loop() {
  float kg = s.get_units(100);
  lcd.setCursor(0, 0);
  lcd.print(kg, 2);
  lcd.print(" kg   ");
}
```

எழுத்து தெரியாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எல்சிடிக்குப் பின்னால் உள்ள சின்னத் திருகைத் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் `0x27`-ஐ `0x3F` ஆக்கிப் பாருங்கள்.

திரையில் மொத்த எடையை மட்டும் காட்டும்படி விட்டிருக்கிறேன், கேஸ் மிச்சத்தை அல்ல. காலி எடையை நிரலுக்குள் எழுதினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போக வேண்டும். கழிக்க வேண்டிய எண்ணைப் பெட்டியின் மேல் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினால் போதும். பால் கணக்கே மனதில் போடும் அத்தைக்கு இந்தக் கழித்தல் ஒரு வேலையே இல்லை.

`get_units(100)` என்பது நூறு அளவுகளின் சராசரி, பத்து விநாடி எடுக்கும். அத்தனை எதற்கு என்றால், எங்கள் பக்கத்து வீட்டில் விசைத்தறி. நாடா நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது தடவை அடிக்கும்போது தரை அதிர்கிறது; அது விநாடிக்கு இரண்டு தடவை மேடைக்கும் வந்து சேருகிறது. ஐந்து அளவுகளின் சராசரியில் எடை முன்னும் பின்னும் 150 கிராம் ஆடியது. நூறில் 20 கிராமுக்குள் அடங்கியது. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது புரியும். தறி இல்லாத ஊரில் முப்பது போதும்.

## 7. சிலிண்டர் வரும் நாள்

நிதானமாகச் செய்ய வேண்டியது இந்த ஒரு நாளில்தான். பழைய சிலிண்டரை இறக்கியதும் மேடை காலியாகிறது. நாற்பது நாளுக்கு ஒரு தடவை மட்டும் கிடைக்கும் வாய்ப்பு அது. திரையில் 0.00 இருக்காது, ஏனென்றால் இந்தச் செல்கள் மலிவானவை. மாதக்கணக்கில் கனத்தைச் சுமந்தால் கொஞ்சம் தளர்ந்துவிடும். பத்து நிமிடம் விட்டு, காட்டும் எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள்.

பிறகு புது சிலிண்டரின் காலி எடையைப் படியுங்கள். சீல் பிரிக்காமல் மேடையில் ஏற்றி மொத்த எடையைக் குறியுங்கள். கடைசியாக ரெகுலேட்டரை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்துவிட்டு, மறுபடி எடையைக் குறியுங்கள். கூடியிருப்பது ரெகுலேட்டரின் எடையும் டியூபின் பாரமும்.

டியூப் ஒரு தனிச் சங்கதி. சுரக்ஷா டியூப் விறைப்பானது. இறுக்கமாக நின்றால் சிலிண்டரை மேலே தூக்கும், அல்லது கீழே அமுக்கும். அடுப்பை ஒரு சாண் நகர்த்தித் துடைத்ததில் எனக்கு 250 கிராம் மாறியது. டியூப் தளர்வாக ஒரு வளைவோடு தொங்கும்படி விடுங்கள், அடுப்பு நிற்கும் இடத்தில் கல்லின் மேல் கோடு போட்டு வையுங்கள்.

என் இரண்டாவது சிலிண்டரின் காகிதத்தை அப்படியே தருகிறேன்:

```
காலி மேடை           0.24
சிலிண்டர் காலி எடை   16.40
ரெகுலேட்டர், டியூப்    0.38
கழிக்க வேண்டியது     17.02
```

முதல் சிலிண்டரில் காலி மேடை 0.00, காலி எடை 15.30, ரெகுலேட்டருக்கும் டியூபுக்கும் அதே 0.38, ஆகக் கழிக்க வேண்டியது 15.68 ஆக இருந்தது. அந்தப் பழைய காகிதத்தையே விட்டிருந்தால் 1.34 கிலோ இல்லாத கேஸ் இருப்பதாகக் காட்டியிருக்கும். எங்கள் வீட்டுக்கு அது ஏறக்குறைய நாலு நாள் சமையல்.

சீலோடு நிறுத்தபோது 0.24-உம் 16.40-உம் போக 14.2-ஐ ஒட்டி வந்தால் நிரப்பியது சரி. அரை கிலோ குறைந்தாலும் டெலிவரி தம்பியிடம் உங்கள் மேடையைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். அது முத்திரையிட்ட தராசு இல்லை. அவர் கொண்டுவர வேண்டிய தொங்கு தராசில் அங்கேயே நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள், அதில் வருவதுதான் கணக்கு. எங்கள் ஊர்த் தம்பி முதல் தடவை ஒயர்களைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, பாம் வெச்சிருக்கீங்களா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். இப்போது அவரே காலி எடையைச் சத்தமாகப் படித்துச் சொல்கிறார்.

## 8. நாள் கணக்கு, புக்கிங்

புது சிலிண்டரை ஏற்றிய இரவு எண் கொஞ்சம் ஏறும். எனக்கு 80 கிராம் ஏறியது. அது செல் கனத்துக்குப் பழகுவது. ஆகவே முதல் நாள் கணக்கு வேண்டாம், இரண்டாம் நாள் காலையிலிருந்து ஆரம்பியுங்கள். தினமும் ஒரே நேரத்தில், அடுப்பு எரியாதபோது, மேடையைத் தொடாமல் பாருங்கள். காலை ஐந்தரைக்குத் தறி ஓடாது, எனக்கு அதுதான் நேரம்.

அந்த இரண்டாவது சிலிண்டரில் ஆரம்பக் காலை 31.20, 17.02 போக 14.18. ஒன்பது நாள் கழித்து 28.05, 17.02 போக 11.03. ஒன்பது நாளில் 3.15 கிலோ, நாளுக்கு 350 கிராம். மிச்சம் 11.03-ஐ 0.35-ஆல் வகுத்தால் 31 நாள். நாங்கள் ஐந்து பேர், காலையில் வெந்நீரும் கேஸில்தான். உங்கள் எண் வேறாக இருக்கும்.

ஒரு நாள் எரித்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மேடையின் பிழையே 100, 200 கிராம். ஒரு நாள் செலவு 350. அந்த நாளில் 150 என்றும் வரும், 550 என்றும் வரும். கடைசி ஏழு நாளின் வித்தியாசத்தை ஏழால் வகுத்தால் பிழை அடங்கிப்போகும். விருந்தாளிகள் வந்த வாரத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய வாரத்தை எடுங்கள்.

கடைசிச் சொட்டு வரை வராது. தீரும் வரை நான் எரித்த சிலிண்டர்கள் கணக்கில் 0.1, 0.2 கிலோ மிச்சமிருக்கும்போதே தீ சிறுத்து நின்றுவிட்டன. மேடையின் பிழையையும் இதோடு சேர்த்து, நான் அரை கிலோவைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஏஜென்சி புக் செய்ததிலிருந்து கொண்டுவர மூன்று முதல் ஆறு நாள் எடுக்கிறது. ஆறு நாளுக்கு 2.1 கிலோ, அரை கிலோ சேர்த்தால் 2.6. திரையில் காண வேண்டியது 17.02-ஐயும் கூட்டி 19.62. காகிதத்தின் அடியில் சிவப்பு மையில் "19.6 வந்தா புக் பண்ணு" என்று எழுதி ஒட்டினேன். சிலிண்டர் மாறும்போது இந்த எண்ணும் மாறும், மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சிலிண்டர் 19.6-ஐத் தொட்டது ஒரு வியாழக்கிழமை காலை. அத்தை காகிதத்தைப் பார்த்து அவரே போனில் புக் செய்துவிட்டார். ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. பழையதை இறக்கும்போது திரையில் 17.78, உள்ளே முக்கால் கிலோ இருந்தது. அதை ஓரமாக வைத்து, மறுநாளும் அதிலேயே சமைத்து முடித்துவிட்டுத்தான் காலி சிலிண்டரைக் கொடுக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.